"இனி குழாய் வேண்டாம்" என்கிறார் அப்பா. அதை எப்படி எழுதி வைப்பது?

செல்வி, கொழிஞ்சாம்பாறை | ஜூன் 8, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 72. முப்பது வருடம் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். தவிட்டுத் தூசியும் பீடியும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. சி.ஓ.பி.டி. என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். இப்போது ராத்திரி ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொள்கிறார். பகலில் தென்னந்தோப்பு வரைக்கும் நடந்து போய்த் திரும்புவார், வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துகொள்வார்.

போன ஆடியில் நிமோனியா வந்தது. எங்கள் ஊரிலிருந்து பாலக்காடும் கோவையும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். பழக்கத்தில் கோவைக்கே கொண்டு போனோம். ஒன்பது நாள் வென்டிலேட்டர். வீட்டுக்கு வந்த அன்றைக்கே சொன்னார்: "இனி ஒரு தரம் அந்தக் குழாயைப் போட விடாதே." அதற்குப் பிறகு இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். திருப்பூரில் இருக்கும் அண்ணன் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறான்.

லிவிங் வில் என்று ஒன்று இருப்பதாகப் பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் நர்ஸ் சொன்னார். "எனக்கு வென்டிலேட்டர் வைக்கக் கூடாது" என்று ஒரு தாளில் எழுதி அப்பா கையெழுத்துப் போட்டால் போதுமா? ஆஸ்பத்திரியில் அதை மதிப்பார்களா? கேரளத்தில் எழுதியது கோவையில் செல்லுமா?

மீனாட்சிபுரம் வாத்தியார் | ஜூன் 8, இரவு 10.25

அம்மா, இது சட்டப்படி செல்லும். 2018 மார்ச் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் சும்மா தாளில் எழுதினால் போதாது. இரண்டு சாட்சிகளோடு முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன்னால் போய் நின்று, அவர் மேலொப்பம் இட வேண்டும். நானே 2019-இல் எனக்காகப் போனேன். இரண்டு முறை அலைந்தேன். அங்கிருந்தவர்களுக்கு நான் எதற்காக வந்திருக்கிறேன் என்றே புரியவில்லை. "சொத்துத் தகராறா?" என்று கேட்டார்கள். விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் உறுதி. முறையாக எழுதிவிட்டால் டாக்டர் அதன்படி நடந்தே ஆக வேண்டும். மீறினால் நீதிமன்ற அவமதிப்பு.

மறையூர் முருகேசன் | ஜூன் 8, இரவு 10.50

எனக்கும் இதே சந்தேகம்தான். எங்கள் அப்பாவும் உயில் எழுத வேண்டும் என்கிறார். கரும்புக்காடு மூன்று ஏக்கர், அதில் ஒன்றரை தம்பிக்கு. அதை இந்த லிவிங் வில்லிலேயே சேர்த்து எழுதிவிட்டால் ஒரே செலவாகப் போய்விடும் அல்லவா? சப் ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிய வேண்டுமா?

பாலியேட்டிவ் மருத்துவர், பாலக்காடு | ஜூன் 9, காலை 6.15

முருகேசன், இரண்டையும் கலக்காதீர்கள். காட்டைப் பற்றிய உயில் உங்கள் அப்பா இறந்த பிறகுதான் பேசத் தொடங்கும். இந்தத் தாள் அவர் உயிரோடு, ஆனால் தன் விருப்பத்தைச் சொல்ல முடியாத நிலையில் கிடக்கும்போது மட்டும் பேசும். இறந்த பிறகு இதற்கு வேலை இல்லை. பெயரில் ‘வில்’ இருப்பதால் வரும் குழப்பம் இது. ஒரே தாளில் எழுதினால் ஐ.சி.யு. வாசலில் காட்டின் கதையையும் சேர்த்து எல்லோரும் படிக்க வேண்டி வரும். சொத்து உயிலை ஒரு வக்கீலிடம் தனியாக எழுதுங்கள்.

வாத்தியார் ஐயா, நீங்கள் அலைந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் சொன்னது 2019-இல் சரி. உங்களைப் போல நாடு முழுவதும் பலர் அப்படித் திரும்பி வந்ததால்தான் 2023 ஜனவரி 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றமே நடைமுறையைத் திருத்தியது. இப்போது நடுவரிடம் போக வேண்டாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றொப்பம் இட்டால் போதும். சாட்சிகள் குடும்பத்துக்கு வெளியே இருப்பது நல்லது.

"டாக்டர் நடந்தே ஆக வேண்டும்" என்பதும் பாதிதான் சரி. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் செல்வி. "வென்டிலேட்டர் வைக்கக் கூடாது" என்ற ஒற்றை வரியை எழுத விடாதீர்கள். அந்த வரி உங்கள் அப்பாவுக்குக் கெடுதல் செய்யலாம்.

போன ஆடியில் அவருக்கு வந்தது நிமோனியா. மருந்துக்குக் கேட்கும் நோய். நுரையீரல் பழுது பழுதுதான் என்றாலும், அன்றைக்கு அவரைக் கொல்ல வந்தது தொற்று. குழாய் அவருக்கு ஒன்பது நாள் அவகாசம் வாங்கிக் கொடுத்தது, மருந்து அதற்குள் வேலை செய்தது. அதற்குப் பிறகு பத்து மாதமாகத் தோப்புக்கு நடக்கிறார். இந்த ஒற்றை வரி அப்போதே இருந்து, பணியில் இருந்த டாக்டர் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்திருந்தால், இந்தப் பத்து மாதம் இல்லை. அவர் எழுத்துக்கு எழுத்து எடுக்காமல், "இது சரியாகக்கூடிய நோய், இந்தத் தாள் இதற்குப் பொருந்தாது" என்று ஒதுக்கவும் செய்யலாம். அப்படி ஒதுக்கப்பட்ட தாளை அடுத்த முறை யாரும் மதிக்க மாட்டார்கள்.

தீர்ப்பும் இதைத்தான் சொல்கிறது. மீள வழியில்லாத நோய், குணமாகும் நம்பிக்கை இல்லை, சிகிச்சை சாவைத் தள்ளிப்போட மட்டும் உதவுகிறது, நோயாளியால் முடிவெடுக்க முடியவில்லை. இந்த நிலை வந்தால்தான் தாள் நடைமுறைக்கு வரும். அப்பா விழித்திருந்து தெளிவாகப் பேசும் வரைக்கும் அவர் வாய் வார்த்தைதான் முதலில். தாளைக் காட்டி அவரை மறுக்க முடியாது.

இன்னொன்று கேளுங்கள். அவருக்குப் பிடிக்காதது எது என்று கேட்டீர்களா? குழாயா, அல்லது அந்த ஒன்பது நாளில் நடந்த வேறு ஏதாவதா?

ராணி, ஐ.சி.யு. செவிலியர் | ஜூன் 9, மதியம் 2.05

டாக்டர் கடைசியில் கேட்ட கேள்விக்காகவே எழுதுகிறேன். பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். "குழாய் வேண்டாம்" என்று சொல்பவர்களிடம் நிதானமாகக் கேட்டால் கை கட்டியதைச் சொல்வார்கள். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதே என்று துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டுவோம். பேச முடியாது. தண்ணீர் கேட்க முடியாது. விளக்கு அணையாது. மயக்க மருந்து குறையும்போதெல்லாம் இது தெரியும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். தாள் ஏதும் இல்லாத வீடுகளில் முடிவு எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. இருபது நாள் ஆகும். பணம் தீரும். "சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதி வாங்குவார்கள். குழாயோடு ஆம்புலன்ஸில் ஏற்றுவார்கள். கூட வரும் பையன் பலூனை அமுக்கிக்கொண்டே வருவான். வாளையார் தாண்டி வீட்டு வாசலில் வைத்துக் குழாயை எடுப்பார்கள். மூச்சுத் திணறலுக்கு ஒரு ஊசி போட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நான் ஒரு தடவை அப்படிக் கூடப் போனேன். அந்த அம்மாவின் பேத்தி திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு நிற்க நாற்பது நிமிடம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியிலேயே முறைப்படி எடுக்கும்போது முதலில் மார்ஃபினும் பதற்றம் தணிக்கும் மருந்தும் போட்டு, மூச்சின் வேகம் தணிந்த பிறகுதான் மெஷினைக் குறைப்போம். வித்தியாசம் அவ்வளவு பெரியது. செல்வி, இதற்காகவாவது எழுதுங்கள்.

தேவி, குமுளி | ஜூன் 9, மாலை 7.30

என் அம்மா எழுதி வைத்திருந்தார். எல்லாம் முறையாக, நோட்டரி முத்திரையோடு. எங்கே வைத்தார் தெரியுமா? வங்கி லாக்கரில், நகைப்பெட்டிக்கு அடியில்.

மூளையில் பெரிய ரத்தக்கசிவு. வெள்ளிக்கிழமை மாலை விழுந்தார். சனி, ஞாயிறு வங்கி இல்லை, திங்கள் விடுமுறை. "அம்மா எழுதியிருக்கிறார்" என்று நான் சொன்னேன். "காட்டு" என்றான் துபாயிலிருந்து வந்த தம்பி. காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை தாளை எடுத்து வந்தபோது தொண்டையில் துளை போடுவதற்கு அவன் சம்மதக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தான். அவன் கெட்டவன் இல்லை. அம்மாவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது அவனுக்கு. எதுவும் செய்யாமல் விட அவனால் முடியவில்லை.

தாளைப் படித்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதான். பிறகு மெஷினை நிறுத்தலாமா என்று கேட்டபோது, அந்த ஆஸ்பத்திரியில் இப்படி ஒன்றை இதுவரை செய்ததில்லை என்றார்கள். அம்மா அதற்குப் பிறகு மூன்று வாரம் இருந்தார்.

இன்னும் எனக்குப் புரியாத ஒன்று. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்தோம். அதையும் ‘வேண்டாம்’ என்று அம்மா எழுதியிருந்தார். அதை நான் நிறுத்தச் சொல்லவில்லை. பசியோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தப்பா?

பாலியேட்டிவ் மருத்துவர், பாலக்காடு | ஜூன் 10, காலை 5.50

தேவி, தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். குழாய் வழியாகக் கொடுப்பதையும் சிகிச்சை என்றுதான் மருத்துவத்தில் பார்க்கிறோம். வாயால் கொடுக்கும் கஞ்சியை யாரும் நிறுத்துவதில்லை. ஆனாலும் எங்களுக்குள்ளேயே இதில் ஒரே மனம் கிடையாது. கடைசிக் கட்டத்தில் உடல் உணவைக் கேட்பதில்லை, பசி நாம் நினைப்பது போல் இருப்பதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அன்றைக்கு என்ன சரி என்பது வேறு.

லாக்கர் விஷயம் பெரிய பாடம். தீர்ப்பு இதற்கு வழி சொல்லியிருக்கிறது. ஒரு பிரதியைப் பெயர் குறித்த உறவினரிடமும் குடும்ப டாக்டரிடமும் கொடுக்க வேண்டும். இன்னொன்றை உள்ளாட்சி அலுவலகத்துக்கு, அதாவது பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ கொடுக்க வேண்டும். அங்கே ஓர் அதிகாரி அதைக் காப்பவராக இருக்க வேண்டும். டிஜிட்டல் மருத்துவ ஆவணத்திலும் சேர்க்கலாம். ஐ.சி.யு. டாக்டர் தாள் உண்மையானதுதானா என்று அங்கே கேட்டுச் சரிபார்ப்பார். நடைமுறையில் பல பஞ்சாயத்துகளுக்கு இந்தப் பொறுப்பு இருப்பதே தெரியாது. ஆனாலும் கொடுத்து, ரசீது வாங்குங்கள். தேதியும் எண்ணும் போட்ட அந்த ரசீதுக்கு நாளைக்கு மதிப்பு உண்டு.

இப்போது வாத்தியார் ஐயாவுக்குப் பாக்கி வைத்தது. தாளைக் காட்டியதும் மெஷின் நிற்காது. நோயாளியைப் பார்க்கும் டாக்டரும், குறைந்தது ஐந்து வருட அனுபவமுள்ள வேறு இரண்டு நிபுணர்களும் சேர்ந்து முதல் குழு. அவர்கள் படுக்கையருகே வந்து பார்த்து, ‘மீள வழியில்லை, தாளில் எழுதிய நிலை இதுதான்’ என்று ஒப்ப வேண்டும். பிறகு இரண்டாம் குழு. அதில் ஒருவரை மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிப்பார். முதல் குழுவில் இருந்தவர்கள் இதில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்கிறது 2023 திருத்தம். தாளில் பெயர் குறித்தவர் சம்மதிக்க வேண்டும். மெஷினை நிறுத்துமுன் நடுவருக்கு ஆஸ்பத்திரி தகவல் தெரிவிக்க வேண்டும். அவர் வந்து பார்க்க வேண்டியதில்லை. இரண்டாம் குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் நாலு நாள் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழு ‘இந்த நிலை பொருந்தவில்லை’ என்று மறுக்கலாம். அதனால்தான் தாளில் நிலையை விவரித்து எழுத வேண்டும் என்கிறேன். ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால் குழுவுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது.

செல்விக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் அப்பாவின் நோயில் மூச்சு முட்டும்போது கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் ஏறும். அது ஏறினால் முதலில் குழப்பம், பிறகு உறக்கம். "குழாய் போடட்டுமா?" என்றாலும் தலையாட்டுவார், "வேண்டாமா?" என்றாலும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைச் சம்மதமாக எடுக்க முடியாது. அந்த நேரத்தில் பேசத்தான் தாள் வேண்டும்.

செல்வி, கொழிஞ்சாம்பாறை | ஜூன் 11, இரவு 8.15

கேட்டேன் டாக்டர். இரண்டு நாளாக மெதுவாகக் கேட்டேன். ராணி அக்கா சொன்னதுதான். "கையைக் கட்டிப் போட்டார்கள். மாட்டைக் கட்டுவது போல" என்றார். பிறகு, "பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தொண்டையில் ஓட்டையோடு மூன்று மாதமாகக் கிடந்தார், அவர் பிள்ளைகள் வருவதையே நிறுத்திவிட்டார்கள்" என்றார். அவருடைய பயம் அது. எனக்கு இது பத்து மாதமாகத் தெரியாது.

முகத்தில் இறுக்கமாக மாட்டும் மாஸ்க்கைப் பற்றிக் கேட்டேன். "அது பரவாயில்லை, கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம்" என்றார். மறுபடி நிமோனியா வந்து, மருந்தில் சரியாகும் என்று டாக்டர் சொன்னால்? வெகு நேரம் பேசவில்லை. கடைசியில் "ஐந்து நாள். அதற்கு மேல் இல்லை" என்றார்.

இப்படி நாள் கணக்கு வைத்து எழுதலாமா? யார் பெயரைக் குறிப்பது, என்னையா அண்ணனையா? இருவரையும் போட்டால் அண்ணனுக்கு மனக்குறை இருக்காதே.

பாலியேட்டிவ் மருத்துவர், பாலக்காடு | ஜூன் 12, காலை 6.00

எழுதலாம். நாங்கள் ஐ.சி.யு.வில் தினமும் செய்வதுதான் இது. சில நாள் முயன்று பார்ப்போம், குறிப்பிட்ட நாளில் உட்கார்ந்து பேசுவோம் என்று முதல் நாளே குடும்பத்திடம் சொல்லிவிடுவோம். தீர்ப்பில் இந்தச் சொற்கள் இல்லை. ஆனால் நோயாளியே தன் கையால் எழுதியிருந்தால் ஐந்தாம் நாள் காலையில் முதல் குழுவைக் கூட்ட டாக்டருக்கு அது பெரிய பிடிமானம். ஒரு எச்சரிக்கை: ஐந்து நாள் முடிந்ததும் குழாய் தானாக வெளியே வந்துவிடாது. அன்றைக்கு அவர் தேறிக்கொண்டிருந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. தேறாவிட்டால் மேலே சொன்ன இரண்டு குழுவும் பார்க்க வேண்டும். அப்பாவிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பெயர் விஷயத்தில் சட்டம் ஒன்றுக்கு மேற்பட்டவரை அனுமதிக்கிறது. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் ஒப்ப வேண்டும் என்று எழுதினால், ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டால் எல்லாம் நின்றுவிடும். உங்கள் அண்ணன் இப்போதே எழுந்து போகிறார் என்றீர்கள். ஒருவரை முதலாவதாகவும், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் என்றும் எழுதுவது என் வழக்கம். யார் முதல் என்பதை அப்பா சொல்லட்டும். யாருக்குப் பாசம் அதிகம் என்று பார்க்க வேண்டாம். அந்த வாசலில் நின்று அப்பாவின் வார்த்தையை அப்படியே யாரால் சொல்ல முடியும் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மீனாட்சிபுரம் வாத்தியார் | ஜூன் 12, காலை 9.10

டாக்டர் திருத்தியதற்கு நன்றி. 2023 மாற்றம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. என் பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். "செயற்கை முறையில் உயிரை நீட்டிக்க வேண்டாம்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். எனக்கு இதய நோய். பேஸ்மேக்கர் இருக்கிறது. அதுவும் செயற்கைதானே. திரும்ப எழுதப்போகிறேன்.

ஒரு சந்தேகம். பவர் ஆஃப் அட்டர்னி ஒன்றை மகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் ‘மருத்துவ விஷயங்களும்’ என்று இருக்கிறது. அது போதாதா?

நோட்டரி அலுவலக உதவியாளர், சித்தூர் | ஜூன் 12, மதியம் 1.40

போதாது ஐயா. எழுதிக் கொடுத்தவர் நினைவு தப்பினால் சாதாரண பவர் பத்திரம் செல்லாமல் போய்விடும். அது வேண்டியிருக்கும் நேரத்தில்தான் அது இருக்காது.

எங்கள் அலுவலகத்துக்கு இந்த வருடம் இப்படி நாலைந்து பேர் வந்தார்கள். முத்திரைத்தாளில்தான் எழுத வேண்டும் என்று தீர்ப்பு சொல்லவில்லை, ஆனாலும் மக்கள் முத்திரைத்தாளோடுதான் வருகிறார்கள். எங்களுக்கு முக்கியம் வேறு. எழுதியவர் நேரில் வர வேண்டும், யாரும் வற்புறுத்தவில்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மகன் ஒருவர் படுக்கையில் இருந்த அம்மாவின் கைநாட்டோடு தாளை மட்டும் கொண்டு வந்தார். திருப்பி அனுப்பிவிட்டோம். நோட்டரி கிடைக்காத இடத்தில் அரசு ஆஸ்பத்திரி டாக்டர், தாசில்தார் போன்ற கெசட்டட் அதிகாரிகளிடம் போகலாம்.

பாஸ்கர், வேலந்தாவளம் | ஜூன் 12, இரவு 9.00

செல்வி கேட்ட மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் ஊர்களில் பாதிப் பேர் கோவைக்குத்தான் போகிறார்கள். இங்கே எழுதிய தாளை அங்கே எடுப்பார்களா?

ராணி, ஐ.சி.யு. செவிலியர் | ஜூன் 12, இரவு 11.20

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நாடு முழுவதற்கும் பொருந்தும். எங்கே எழுதினாலும் எங்கும் காட்டலாம். சிக்கல் தாளில் இல்லை. இரண்டாம் குழுவுக்கு ஆளை நியமிக்க வேண்டியவர் ஆஸ்பத்திரி இருக்கும் மாவட்டத்தின் தலைமை மருத்துவ அதிகாரி. கேரளத்தில் டி.எம்.ஓ. என்று எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் அந்தப் பதவிப் பெயரே கிடையாது. மருத்துவப் பணிகள் இணை இயக்குநரா, வேறு யாரா என்று எங்கள் ஆட்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கர்நாடகம் 2025 ஜனவரியில் இதற்கென்றே உத்தரவு போட்டது. கேரளத்தில் கொல்லம் அரசு மருத்துவக் கல்லூரியில் 2024-இல் தகவல் கவுன்டரே திறந்தார்கள்.

செல்விக்கு என் யோசனை: அப்பாவை வழக்கமாகக் கொண்டு போகும் ஆஸ்பத்திரிக்கு, அவர் நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் போய், நுரையீரல் டாக்டரைப் பார்த்துப் பிரதியைக் கொடுங்கள். ‘உங்கள் ஆஸ்பத்திரியில் இந்தக் குழுக்களை அமைக்க ஏற்பாடு இருக்கிறதா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். முகம் சுளித்தால் அப்போதே தெரிந்துவிடும், எங்கே போகக் கூடாது என்று.

செல்வி, கொழிஞ்சாம்பாறை | ஜூன் 27, இரவு 9.05

கையெழுத்து ஆகிவிட்டது. பலருக்கும் பயன்படும் என்பதால் முக்கியப் பகுதியை அப்படியே தருகிறேன். அப்பா சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன், டாக்டர் இரண்டு இடம் திருத்தினார்:

"எனக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கிறது. நான் பேசும் தெளிவோடு இருக்கும் வரை என்னிடமே கேளுங்கள். மூச்சு முட்டி, நினைவு தப்பி, என்னால் சொல்ல முடியாமல் போனால் இதைப் பாருங்கள். மாஸ்க் வைத்துக்கொள்ளச் சம்மதம். தொற்று போன்ற சரியாகக்கூடிய காரணம் இருப்பதாக மருத்துவர் கருதினால் குழாய் போட்டு ஐந்து நாள் முயலலாம். ஐந்தாம் நாள் தேறும் அறிகுறி இல்லாவிட்டால், நோய் மீள வழியில்லாதது என்று மருத்துவக் குழுக்கள் கண்டால், மெஷினை நிறுத்திவிடுங்கள். தொண்டையில் துளை போட வேண்டாம். டயாலிசிஸ் வேண்டாம். நோய் அந்தக் கட்டத்துக்கு வந்த பிறகு இதயம் நின்றால் நெஞ்சை அமுக்க வேண்டாம். மூச்சுத் திணறலுக்கு மார்ஃபின் கொடுங்கள், அதனால் நான் உறங்கிப்போனாலும் பரவாயில்லை. முடிந்தவரை என் கையைக் கட்டாதீர்கள். கட்ட வேண்டியிருந்தால் என் மகளை உள்ளே விடுங்கள், அவள் பிடித்துக்கொள்வாள்."

கடைசி இரண்டு வரி சட்டத்துக்கு வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார், ஆனால் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

சாட்சிக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அப்பாவோடு ஆலையில் வேலை பார்த்தவரும் வந்தார்கள். நோட்டரிக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்க வராது. அதனால் நான் ஒவ்வொரு வரியாக வாசிக்க, அவர் அப்பாவைப் பார்த்து "இது நீங்கள் சொன்னதா?" என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கூடவே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தட்டச்சு செய்து இணைத்தோம். பஞ்சாயத்தில் முதலில் வாங்க மறுத்தார்கள். தீர்ப்பின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் காட்டிய பிறகு செயலாளரே படித்துப் பார்த்துவிட்டு ரசீது கொடுக்கச் சொன்னார். இதைக் காக்கும் அதிகாரி யார் என்று அவருக்கும் தெரியவில்லை, மேலே எழுதிக் கேட்பதாகச் சொன்னார். ஒரு பிரதி பாலியேட்டிவ் நர்ஸிடம் இருக்கிறது. இன்னொன்றை ஆக்சிஜன் மெஷின் பக்கத்தில் ஆணியில் பிளாஸ்டிக் உறையில் மாட்டியிருக்கிறேன்.

முதல் பெயராக என்னைச் சொன்னார் அப்பா. அண்ணனிடம் அவரே போனில் சொன்னார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். உறையிலிருந்து தாளை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்து படித்தான். "ஐந்து நாள் என்றால் சேர்த்த நாளையும் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டான். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. டாக்டர், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாலியேட்டிவ் மருத்துவர், பாலக்காடு | ஜூன் 28, காலை 5.45

குழாய் போட்ட நேரத்திலிருந்து எண்ணுங்கள், சேர்த்த நாளிலிருந்து வேண்டாம். முதலில் மாஸ்க்கிலேயே இரண்டு நாள் போகலாம். தாளின் ஓரத்தில் அதை எழுத வேண்டாம், திருத்தம் என்றால் மறுபடி சாட்சியும் சான்றொப்பமும் வேண்டும். அண்ணனிடம் வாயால் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அப்பாவை அழைத்து வரும்போது அவரையும் கூட்டி வாருங்கள்.